கூறெடுப்புப் பிழையும் திட்டப்பிழையும்: ஓர் ஊரின் விளைச்சலை அளத்தல்

ஓர் ஊரில் 600 நெல்வயல்கள் உள்ளன எனக் கொள்வோம். இவ்வாண்டு அவ்வூரில் நெல் சராசரியாக எவ்வளவு விளைந்தது என்பதை அரசு அறிய வேண்டும். அறுநூறு வயல்களையும் அளந்து, அறுத்து, எடைபோட்டுப் பார்ப்பது இயலாது. அறுவடை சில நாள்களில் முடிந்துவிடும். அதற்கேற்ற ஆட்களும் இல்லை. எனவே சில வயல்கள் மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தேர்ந்தெடுத்த வயலின் ஒரு மூலையிலிருந்து, முன்னரே குறித்துத் தரப்பட்ட எண்களின்படி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடந்து, நின்ற இடத்தில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுகிறார்கள். பக்கத்திற்கு 5 மீட்டர் கொண்ட சதுரம் அமைகிறது. அதனுள் நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, கதிரடித்து, தூற்றி, எடை காண்கிறார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர்; ஓர் எக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே சதுரத்தில் கிடைத்த எடையை 400 ஆல் பெருக்கினால் எக்டேருக்கான விளைச்சல் கிடைக்கும்.

இந்தப் பெருக்கலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சதுரத்தில் ஒரு கிலோ கூடினாலோ குறைந்தாலோ, எக்டேர் கணக்கில் 400 கிலோ மாறிவிடுகிறது.

இங்கு 600 வயல்களின் விளைச்சல்களும் சேர்ந்தது முழுமைத்தொகுதி ஆகும். அளந்து பார்த்த வயல்கள் கூறு ஆகும். அவற்றின் எண்ணிக்கை கூறளவு. நமக்குத் தெரிய வேண்டியது முழுமைத்தொகுதியின் சராசரி. நம் கைக்குக் கிடைப்பதோ கூறுச் சராசரி. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அவற்றிற்கு இடையேயான வேறுபாட்டையே கூறெடுப்புப் பிழை என்கிறோம்.

‘பிழை’ என்ற சொல் இங்கு மாணவர்களைத் தவறாக வழிநடத்தக்கூடும். எடைபோட்டவர் தவறு செய்யவில்லை, கணக்கிட்டவரும் தவறவில்லை. எல்லாவற்றையும் பாராமல் சிலவற்றை மட்டும் பார்த்ததனால், எந்தச் சில நம் கையில் அகப்பட்டன என்பதைப் பொறுத்து நேரும் விலகல் இது. வேறு வயல்கள் அகப்பட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பழமொழி பொய்யன்று. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே பானையில், ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த பருக்கைகள் தம்முள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். எனவே ஒன்றைப் பிதுக்கிப் பார்த்தால் போதும். வயல்கள் அப்படிப்பட்டவை அல்ல. வாய்க்காலுக்கு அருகில் ஒன்று, மேட்டில் ஒன்று, உவர் ஏறியது ஒன்று. தொகுதியின் உறுப்புகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அந்த அளவுக்கு ஒரு கூறும் மற்றொரு கூறும் வேறுபடும். இந்த உள்வேறுபாட்டை அளக்கும் கருவியாகிய திட்ட விலக்கத்தை நீங்கள் முன்பே கற்றிருக்கிறீர்கள். அதை σ எனக் குறிப்போம்.

கூறளவு கூடும்போது என்ன நிகழ்கிறது என்பதை முழுமையாகக் கண்ணால் காண, மிகச் சிறிய தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயல்கள், சதுரத்தில் கிடைக்கும் நெல் முறையே 8, 10, 12, 14, 16 கிலோ. சராசரி 12. இவற்றுள் இரண்டை மட்டும் அளப்பதாக இருந்தால், தேர்ந்தெடுக்கக்கூடிய இணைகள் பத்து. 8, 10 என்ற இணை வந்தால் கூறுச் சராசரி 9. 14, 16 என்ற இணை வந்தால் 15. பத்து இணைகளின் சராசரிகளையும் எழுதினால் அவை 9, 10, 11, 11, 12, 12, 13, 13, 14, 15 என அமைகின்றன. இந்தப் பத்தின் சராசரி 12. அதாவது, கூறுச் சராசரி சில வேளை மேலாகவும் சில வேளை கீழாகவும் விலகினாலும், அதன் விலகல் ஒரு பக்கமாகவே சாய்வதில்லை.

இப்போது மூன்று வயல்களை அளப்போம். இதற்கும் பத்து வாய்ப்புகளே உள்ளன. ஆனால் மிகக் குறைந்த கூறுச் சராசரி 10. மிக உயர்ந்தது 14. நான்கு வயல்களை அளந்தால் ஐந்தே வாய்ப்புகள். கூறுச் சராசரிகள் 11, 11.5, 12, 12.5, 13. கூறளவு இரண்டாக இருந்தபோது 9 முதல் 15 வரை அலைந்த விடை, நான்கானபோது 11 முதல் 13 வரைக்குள் அடங்கிவிட்டது. வயல்கள் மாறவில்லை, அவற்றின் ஏற்றத்தாழ்வும் மாறவில்லை. மாறியது கூறளவு மட்டுமே.

இந்த அலைவை ஒரே எண்ணால் குறிக்க விரும்பினால், கூறுச் சராசரிகளுக்கே திட்ட விலக்கம் காணலாம். இரண்டிரண்டாக எடுத்த பத்துச் சராசரிகள் 12 இலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 30, பத்தால் வகுத்தால் 3, வர்க்கமூலம் 1.73. மூன்று மூன்றாக எடுத்தால் இவ்வெண் 1.15, நான்கு நான்காக எடுத்தால் 0.71. கூறுச் சராசரிகளின் இந்தத் திட்ட விலக்கமே திட்டப்பிழை ஆகும்.

திட்ட விலக்கத்தையும் திட்டப்பிழையையும் ஒன்றெனக் கருதுவது தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணப்படும் குழப்பம். திட்ட விலக்கம் வயலுக்கு வயல் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறது. எத்தனை வயல்களை அளந்தாலும் அது குறையப்போவதில்லை. திட்டப்பிழை, கூறுக்குக் கூறு சராசரி எவ்வளவு மாறும் என்பதைச் சொல்கிறது. அது கூறளவு கூடக் கூடக் குறையும். முன்னது நிலத்தின் இயல்பு, பின்னது நம் மதிப்பீட்டின் இயல்பு.

ஏன் குறைகிறது? கூறளவு மிகுந்தால் துல்லியம் மிகும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நிகழும் வழியைப் பார்ப்போம். கணக்கை எளிதாக்க, ஊரின் பாதி வயல்கள் சராசரியைவிடச் சரியாக 2 கிலோ கூடுதலாகவும், மறுபாதி சரியாக 2 கிலோ குறைவாகவும் விளைந்தன எனக் கொள்வோம். அப்போது திட்ட விலக்கம் 2. ஒரே ஒரு வயலை அளந்தால் விடை எப்போதும் 2 கிலோ தவறும். தப்ப வழியே இல்லை. நான்கு வயல்களை அளந்தால் ஒவ்வொன்றும் கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ விழலாம். மொத்தம் 16 வகையில் இது நிகழும். நான்கும் கூட்டல் பக்கமே விழுவது ஒரு வகை. நான்கும் கழித்தல் பக்கமே விழுவது ஒரு வகை. இந்த இரண்டில் மட்டும் சராசரி 2 கிலோ தவறுகிறது. மூன்று ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் விழுவது எட்டு வகை. அப்போது சராசரியின் பிழை 1 கிலோ. இரண்டு இப்பக்கம், இரண்டு அப்பக்கம் என விழுவது ஆறு வகை. அப்போது பிழையே இல்லை. மிகையும் குறையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. எல்லா வயல்களும் ஒரே திசையில் கூட்டாகத் தவறுவதற்குரிய வழிகள் மிகச் சில. கலந்து விழுவதற்குரிய வழிகளோ பல. கூறு பெரிதானால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகும்.

இந்தக் கழிவு முழுமையானதன்று என்பதையும் காண வேண்டும். பதினாறு வகைகளுக்கும் விலகல்களின் கூடுதலைக் கண்டு அதன் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் 4 வருகிறது. ஒரு வயலின் விலகல் 2. நான்கு வயல்களின் விலகல்கள் ஒன்றோடொன்று கழியாமல் சேர்ந்திருந்தால் 8 ஆகியிருக்கும். அது நான்கு மடங்காகாமல் இரண்டு மடங்காகவே வளர்ந்தது. இரண்டு என்பது நான்கின் வர்க்கமூலம். பொதுவாக, ஒன்றையொன்று சாராத n அளவீடுகளைக் கூட்டும்போது விலக்கங்களின் வர்க்கங்களே கூடுகின்றன; ஆகவே கூடுதலின் திட்ட விலக்கம் σ√n ஆகிறது. சராசரி காண அதனை n ஆல் வகுக்கிறோம்.

திட்டப்பிழை = σ / √n

நம் எடுத்துக்காட்டில் 2 / √4 = 1 கிலோ. சூத்திரம் மேலே எண்ணிக் கண்டதோடு பொருந்துகிறது.

முந்தைய ஐந்து வயல் கணக்கில் இச்சூத்திரத்தை இட்டுப் பார்க்கும் மாணவர் சற்றுத் திகைப்பார். அங்கு σ = 2.83, கூறளவு இரண்டுக்குச் சூத்திரம் 2 என்கிறது, நாம் கண்டதோ 1.73. காரணம், ஐந்தில் இரண்டை எடுத்துவிட்டால் தொகுதியின் கணிசமான பகுதி நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருமுறை எடுத்த வயல் மீண்டும் வராது. இதற்காக √((N−n)/(N−1)) என்னும் திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். N = 5, n = 2 எனில் அது 0.866, 2 ஐ அதனால் பெருக்கினால் 1.73 வந்துவிடும். ஆனால் 600 வயல்களில் நான்கை எடுக்கும்போது இக்காரணி 0.9975, ஏறத்தாழ ஒன்று. 60,000 வயல்களில் நான்கை எடுத்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். இதிலிருந்து பலர் நம்ப மறுக்கும் ஒரு முடிவு கிடைக்கிறது. தொகுதி பெரியதாக இருக்கும்போது, மதிப்பீட்டின் நிலைப்பாடு அளந்த வயல்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததேயன்றி, மொத்தத்தில் நூற்றுக்கு எத்தனையை அளந்தோம் என்பதைப் பொறுத்ததன்று.

நடைமுறையில் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கூறு. தொகுதியின் σ தெரியாது. அந்த ஒரு கூறைக் கொண்டே திட்டப்பிழையையும் மதிப்பிட வேண்டும். ஊரில் நான்கு சதுரங்களில் 9, 11, 12, 14 கிலோ கிடைத்தன என்க. சராசரி 11.5. விலகல்கள் −2.5, −0.5, 0.5, 2.5; வர்க்கங்களின் கூடுதல் 13. இதனை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுக்கிறோம். விலகல்களைத் தொகுதியின் சராசரியிலிருந்து அளக்காமல் கூறின் சராசரியிலிருந்தே அளப்பதால் அவை சற்றுச் சிறுத்துக் காணப்படும்; n−1 ஆல் வகுப்பது அதை ஈடுசெய்கிறது. 13 ஐ 3 ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 2.08. அதனை √4 ஆல் வகுத்தால் திட்டப்பிழை 1.04 கிலோ. எக்டேர் கணக்கில் விளைச்சல் 4,600 கிலோ. திட்டப்பிழை 416 கிலோ.

கூறளவு பெரிதாக இருந்தால், கூறுச் சராசரியிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ இரண்டு திட்டப்பிழை தூரத்திற்குள் உண்மைச் சராசரி அகப்படும் என்று கொள்ளலாம். இம்முறை நூற்றுக்கு 95 தடவை சரியாக அமையும். நான்கே அளவீடுகள் இருக்கும்போது இந்த ‘இரண்டு’ போதாது. ஏனெனில் திட்டப்பிழையே நான்கு எண்களைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. அதுவும் கூறுக்குக் கூறு அலையும். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். அவர் தம் கட்டுரையை 1908 இல் ‘மாணவர்’ எனப் பொருள்படும் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் வெளியிட்டார். தம் கணிதத்தைச் சரிபார்க்க அவர் செய்த வேலை எளிமையானது: முன்பே அளந்து வெளியிடப்பட்டிருந்த 3,000 பேரின் உடல் அளவுகளை 3,000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 கூறுகளைப் பெற்றார். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கையால் கணக்கிட வேண்டியிருந்தது. அவர் வகுத்த வழிப்படி, கூறளவு நான்காக இருக்கும்போது ‘இரண்டு’ என்பதற்குப் பதிலாக 3.18 ஐப் பயன்படுத்த வேண்டும். நம் ஊரின் கணக்கில் 3.18 × 1.04 = 3.3 கிலோ. அதாவது உண்மைச் சராசரி 8.2 முதல் 14.8 கிலோ வரை எங்கும் இருக்கலாம். நான்கு சதுரங்கள் நமக்குத் தந்த அறிவு அவ்வளவே.

இது ஏட்டுக்கணக்கு மட்டுமன்று. 2016 இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் நெறிமுறைகள், காப்பீட்டு அலகு ஊராட்சியாக இருப்பின் முதன்மைப் பயிருக்குக் குறைந்தது நான்கு அறுவடைப் பரிசோதனைகள் வேண்டும் என்கின்றன. முந்தைய ஆண்டுகளின் விளைச்சலைக் கொண்டு ஓர் உத்தரவாத விளைச்சல் வரையறுக்கப்படும். இவ்வாண்டின் மதிப்பீடு அதற்குக் கீழே போனால், குறைந்த விகிதத்திற்கேற்ப அந்த அலகில் காப்பீடு செய்த உழவர் அனைவருக்கும் இழப்பீடு கிடைக்கும். மேலே இருந்தால் எவருக்கும் கிடைக்காது.

ஓர் ஊரில் உத்தரவாத விளைச்சல் சதுரத்திற்கு 12 கிலோ. உண்மையில் விளைந்த சராசரி 11 கிலோ. வயல்களின் திட்ட விலக்கம் 2 கிலோ எனக் கொள்வோம். குறைவு பன்னிரண்டில் ஒரு பங்கு. எக்டேருக்கு 60,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்தவருக்கு 5,000 ரூபாய் வர வேண்டும். ஆனால் எவருக்கும் உண்மைச் சராசரி தெரியாது. தெரிவது நான்கு சதுரங்களின் சராசரி மட்டுமே. அதன் திட்டப்பிழை 1 கிலோ. விளைச்சல்கள் இயல்நிலைப் பரவலை ஒட்டியிருப்பின், கூறுச் சராசரி 12 ஐத் தாண்டுவதற்கு நூற்றுக்கு 16 வாய்ப்புகள் உண்டு. அப்படித் தாண்டினால், உண்மையில் விளைச்சல் இழந்த அந்த ஊருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. அதே வாய்ப்பு எதிர்ப்புறமும் உண்டு. கூறுச் சராசரி 10 க்குக் கீழே போனால் 10,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். பதினாறு சதுரங்களை அறுத்திருந்தால் திட்டப்பிழை அரைக் கிலோ. அப்போது உண்மை இழப்பு முற்றிலும் மறைந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டாகக் குறைகிறது.

அப்படியானால் எல்லா ஊர்களிலும் பதினாறு சதுரங்களை அறுக்கலாமே எனத் தோன்றும். இங்கே வர்க்கமூலத்தின் கடுமை வெளிப்படுகிறது. பிழையைப் பாதியாக்க வேலையை நான்கு மடங்காக்க வேண்டும். ஒரு கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்கு வரக் கூடுதலாகப் பன்னிரண்டு சதுரங்கள் போதும். அரையிலிருந்து காலுக்கு வர இன்னும் நாற்பத்தெட்டு வேண்டும். அறுவடை நாளோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

கூறளவைப் பெருக்கினால் எல்லாப் பிழையும் நீங்கும் என்றும் எண்ணக் கூடாது. √n ஆல் வகுத்த கணக்கு, வயல்கள் குலுக்கல் முறையில் தேர்வாயின என்பதையும், அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதையும் அடிப்படையாகக் கொண்டது. ஒரே வயலில் நான்கு சதுரங்களை அறுப்பது நான்கு வயல்களை அளப்பதற்கு ஈடாகாது. ஒரே மண், ஒரே நீர், ஒரே உழவர் என்பதால் நான்கும் சேர்ந்தே உயரும், சேர்ந்தே தாழும். அவற்றின் மிகையும் குறையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளா. இதில் ஏமாற்றமளிப்பது என்னவெனில், அந்த நான்கு எண்களும் நெருக்கமாக இருப்பதால் கணக்கிட்ட திட்டப்பிழை மிகச் சிறிதாகத் தோன்றும்.

சாலையோர வயல்களாகவே பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் இத்தகைய கேடே விளையும். இதற்கு ஒருபக்கச் சாய்வு என்று பெயர். இந்தியப் புள்ளியியலின் வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. வங்காளத்தில் பெரிய அளவிலான பயிர்க் கூறெடுப்புகளை நடத்திய பி. சி. மகலனோபிஸ், சிறிய துண்டுகளை அறுப்பதையே விரும்பினார். சிறியதாயின் விரைவாக முடியும், அதே உழைப்பில் பல இடங்களை அளக்கலாம். 1940களில் பி. வி. சுகாத்மே, மிகச் சிறிய துண்டுகள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டுகின்றன எனச் சுட்டிக்காட்டினார். எல்லைக்கயிற்றின் மேலேயே நிற்கும் பயிரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற ஐயம் எழும்போது, அறுப்பவரின் கை பெரும்பாலும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. துண்டு சிறியதாக இருந்தால் அதன் பரப்போடு ஒப்பிடும்போது எல்லையின் நீளம் மிகுதி. ஆகவே மிகையும் மிகுதி. இந்தத் தவறு எப்போதும் ஒரே திசையில் நேர்வதால், ஆயிரம் துண்டுகளை அறுத்தாலும் அது கழிந்துபோவதில்லை. திட்டப்பிழை மட்டும் குறைந்துகொண்டே வந்து, தவறான விடையை மேலும் மேலும் உறுதியாகச் சொல்லும். எடுத்த கூறை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது. அதே வயல்களில் பெரிய துண்டுகளையும் அறுத்து ஒப்பிட்டால்தான் தெரியவரும்.

திட்டப்பிழையைக் குறைக்க இன்னொரு வழியும் பேசப்படுகிறது: காப்பீட்டு அலகையே பெரிதாக்குவது. ஊராட்சிக்குப் பதிலாகப் பல ஊர்கள் அடங்கிய குறுவட்டத்தை அலகாகக் கொண்டால், நெறிமுறைப்படி குறைந்தது பத்துப் பரிசோதனைகள் நடக்கும். திட்ட விலக்கம் அதே 2 கிலோவாக இருந்தால் திட்டப்பிழை 0.63 கிலோவாகக் குறையும். ஆனால் அப்போது நாம் நிலையாக மதிப்பிடுவது குறுவட்டத்தின் சராசரியை. ஏரி உடைந்து ஓர் ஊரின் பயிர் மட்டும் அழிந்திருந்தால், அவ்வூரின் இழப்பு மற்ற ஊர்களின் நல்ல விளைச்சலோடு கலந்து மறைந்துவிடும்.